பதாகையில் பெயர், கல்லாவில் கணக்கு

பள்ளியின் விளையாட்டுப் போட்டியோ கலைவிழாவோ நெருங்கும்போது, ஏற்பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு பேர் கையில் கோப்புடன் கடைத்தெருவுக்குப் புறப்படுவது நமக்குப் பழக்கமான காட்சி. கிள்ளானில் என்றால் தெங்கு கிளானா சாலை. தலைநகரில் என்றால் பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. துணிக்கடை, நகைக்கடை, பலகாரக் கடை, வாழையிலை உணவகம் என ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார்கள். கடைக்காரர் கல்லாவைத் திறந்து இருநூறோ ஐந்நூறோ கொடுப்பார். பதிலுக்கு நிகழ்ச்சியின் சிறப்பு மலரில் ஒரு பக்க வாழ்த்து விளம்பரம் வரும். திடலின் வேலியில் தொங்கும் பதாகையின் அடியில் கடையின் சின்னமும் இடம்பெறும்.

இதனால் அந்தக் கடைக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நல்ல காரியத்திற்குக் கொடுத்த பணத்துக்குக் கணக்குப் பார்ப்பது அநாகரிகம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். ஆனால், அந்தக் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்பதுதான் என் கருத்து. கடைக்காரரைவிட நமது பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும்தான் அது அதிகம் தேவை. பலன் தெரியாமல் கொடுப்பவர், வியாபாரம் மந்தமாகும் ஆண்டில் முதலில் நிறுத்துவது இந்தச் செலவைத்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தர்மம் வேறு, விளம்பரம் வேறு. இரண்டும் ஒரே கல்லாவிலிருந்து போவதால் ஒன்று போலத் தோன்றுகின்றன. வருமான வரிச் சட்டமே இவற்றைப் பிரித்துத்தான் பார்க்கிறது. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44(6) பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திற்கு அளித்த பண நன்கொடைக்குத்தான் வரிக்கழிவு உண்டு. அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வருமானம் ஈட்டுவதற்காகச் செய்யும் விளம்பரச் செலவு வேறு பிரிவில் வருகிறது. ஆகவே, ‘நன்கொடை’ என்று மட்டும் எழுதிய ஒரு துண்டு ரசீது, கொடுத்தவருக்கு எந்த வகையிலும் உதவாமல் போகலாம். தர்மம் என்று கொடுத்தால் அதற்குப் பலன் தேடக் கூடாது. விளம்பரம் என்று கொடுத்தால் பலன் தேடாமல் இருக்கக் கூடாது. நம் கடைத்தெருவில் நடப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

விளம்பரமாகக் கொடுப்பது எப்படி இருக்கும் என்பதை நீங்கள் ஏற்கெனவே ருசித்திருக்கிறீர்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பச்சை நிற மைலோ வண்டி வந்து நின்றால், ஓட்டப்பந்தயத்தை விட்டுவிட்டு அங்கே வரிசை நீளும். 1934-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் உருவாக்கிய பானம் அது. கிரேக்க மல்யுத்த வீரன் ஒருவனின் பெயரை அதற்கு வைத்ததிலிருந்தே விளையாட்டோடு அதன் உறவு தொடங்கிவிட்டது. மலேசியாவில் அந்த உறவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவை, சிறிய காகிதக் குவளையில் குளிரக் குளிரக் கிடைக்கும் அந்தப் பானமும் அதை ஊற்றிக் கொடுக்கும் வண்டியும்தான். வீட்டில் கலக்கும் மைலோவுக்கு அந்தச் சுவை வருவதில்லை என்று பெரியவர்கள்கூட இன்றும் சொல்வார்கள். (சர்க்கரையின் அளவைப் பற்றிய விவாதம் தனி; அதை இங்கே எடுக்கவில்லை.)

அந்த வண்டியிடம் ஒரு சிறிய கடை கற்றுக்கொள்ளக்கூடியவை மூன்று. வண்டி பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. தன் பொருளையே கொடுக்கிறது. பார்ப்பவரின் கண்ணில் படுவதோடு நிற்காமல் கையிலும் நாக்கிலும் இடம்பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முறை வந்து மறைந்துவிடாமல் திரும்பத் திரும்ப வருகிறது. வேலியில் தொங்கும் பதாகைக்கு இந்த மூன்றும் இல்லை. பதினான்கு சின்னங்கள் வரிசையாக அச்சிட்ட பதாகையில் ஒன்பதாவது சின்னம் எது என்று, திடலை விட்டு வெளியேறும் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும் பெயருக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே வேறொரு சான்று இருக்கிறது. 2004 வரை மலேசியக் கால்பந்துப் போட்டிகள் ‘டன்ஹில்’ என்ற பெயரைச் சுமந்தன. அது ஒரு சிகரெட்டின் பெயர். புகையிலை நிறுவனங்களின் ஆதரவு தடை செய்யப்பட்ட பிறகுதான் அந்தப் பெயர் திடலை விட்டு அகன்றது. ஆயினும் அந்தக் காலத்து ரசிகர்கள் சிலருக்குக் கால்பந்து என்றதும் இன்றும் அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். நல்லதோ கெட்டதோ, நிகழ்ச்சியின் மீது மக்கள் வைத்த அன்பு ஆதரவாளரின் மீதும் படிகிறது. அதனால்தான் யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பள்ளியும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரி, பெரிய நிறுவனங்களுக்கு நாடு முழுவதும் வாடிக்கையாளர். ஒரு தெருக்கடையின் நிலை வேறு. அது எந்த நிகழ்ச்சிக்குக் கொடுப்பது? “நம்ம ஏரியா நிகழ்ச்சிக்கு” என்று பதில் சட்டென வரும். அது எப்போதும் சரியான பதில் அன்று.

பிரிக்பீல்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. பிறகு இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த பகுதி. 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 2010 அக்டோபரில் அதன் தெருக்கள் அதிகாரபூர்வமாக லிட்டல் இந்தியாவாகத் திறந்துவைக்கப்பட்டன. 2014-இல் நிலையத்தை ஒட்டி நூ சென்ட்ரல் பேரங்காடி வந்தது. இன்று துன் சம்பந்தன் சாலைக் கடையில் மதிய உணவு உண்பவர் பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், இரயிலுக்குக் காத்திருப்பவராக இருக்கலாம், சுற்றுப்பயணியாகவும் இருக்கலாம். அவர் பிள்ளை படிக்கும் பள்ளி காஜாங்கிலோ ரவாங்கிலோ இருக்கக்கூடும். அந்தக் கடை அருகிலுள்ள பள்ளியின் சிறப்பு மலரில் முழுப் பக்கம் வாங்கினால், மலரைப் புரட்டுபவரும் கடைக்கு வருபவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதே கடை, சுற்றியுள்ள அலுவலகங்களின் பூப்பந்துப் போட்டிக்கு மதிய உணவு வழங்கினால் பொருத்தமாக இருக்கும்.

கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் நிலைமை மாறுகிறது. அங்கே சுற்றுவட்டாரக் குடும்பங்கள் சாமான் வாங்கவும் சேலை எடுக்கவும் திட்டமிட்டு வருகின்றன. ஆகவே, கொஞ்சம் தள்ளியிருக்கும் பள்ளிக்குக் கொடுத்தாலும் பயன் உண்டு. எந்தக் கடையாக இருந்தாலும், ஒரு வாரம் கல்லாவில் ஒரு நோட்டை வைத்து, “எந்தப் பக்கத்திலிருந்து வர்றீங்க?” என்று கேட்டு ஊர்ப்பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டு வந்தால் போதும். எங்கே கொடுக்கலாம் என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.

இனி, கணக்குக்கு வருவோம். இது கற்பனைக் கணக்கு; எண்கள் எளிமையாக இருக்கும்படி வைத்திருக்கிறேன்.

கிள்ளானில் ஒரு பலகாரக் கடை. அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு 1,000 ரிங்கிட் ஆதரவுத் தொகை தருகிறது. பெரும்பாலான கடைகள் இத்தோடு நின்றுவிடும். நம் கடைக்காரர் மேலும் 500 ரிங்கிட் செலவழிக்கிறார். அதில் 280 ரிங்கிட்டுக்கு முறுக்கும் லட்டும் செய்து, திடலில் மேசை போட்டு, பெற்றோருக்கு இலவசமாகச் சுவைக்கக் கொடுக்கிறார். மேசையைக் கவனிக்க இருவருக்குக் கூலி 160. மீதி 60 ரிங்கிட்டில் 300 கூப்பன்கள் அச்சிட்டுக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிறார். 20 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால் 4 ரிங்கிட் கழிவு. முப்பது நாளுக்குள் வர வேண்டும். மொத்தச் செலவு 1,500.

முப்பது நாளில் 72 கூப்பன்கள் திரும்பி வருகின்றன. சராசரியாக ஒவ்வொருவரும் 25 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கியிருக்கிறார்கள். 72-ஐ 25-ஆல் பெருக்கினால் 1,800. “1,500 போட்டேன், 1,800 வந்தது, 300 லாபம்!” என்று கடைக்காரர் மகிழ்ந்தால், அவர் இரண்டு இடங்களில் தவறியிருக்கிறார்.

முதல் தவறு, விற்பனையை இலாபம் என்று எண்ணியது. 25 ரிங்கிட் பலகாரத்தில் மாவு, நெய், சர்க்கரை, எரிவாயு, பொட்டலம் எல்லாம் சேர்த்து 15 ரிங்கிட் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 10. வாடகையும் சம்பளமும் இந்த விற்பனை நடக்காவிட்டாலும் கட்ட வேண்டியவை என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. அந்தப் பத்திலிருந்து கூப்பன் கழிவு 4 ரிங்கிட்டைக் கழித்தால், கையில் நிற்பது ஒரு பில்லுக்கு 6 ரிங்கிட்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. 72 பேரும் புதியவர்கள் அல்லர். கூப்பனை வாங்கும்போது, “நம்ம கடைக்கு இதுதான் முதல் தடவையா?” என்று கேட்டுக் கூப்பனின் பின்புறம் ஒரு குறி போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர். எண்ணிப் பார்த்தால் புதியவர்கள் 30 பேர். மற்ற 42 பேர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்கள். விளையாட்டுப் போட்டி நடக்காவிட்டாலும் அவர்கள் வந்திருப்பார்கள். அவர்களால் கடைக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. தலைக்கு 4 ரிங்கிட் குறைந்ததுதான் மிச்சம்.

ஆகவே, புதியவர்களால் வந்தது 30-ஐ 6-ஆல் பெருக்க 180 ரிங்கிட். பழையவர்களுக்கு விட்டுக்கொடுத்தது 42-ஐ 4-ஆல் பெருக்க 168 ரிங்கிட். மீதி 12 ரிங்கிட். 1,500 செலவழித்ததற்கு முதல் மாதத்தில் திரும்பி வந்தது வெறும் 12 ரிங்கிட்! (கூப்பனுக்காகவே சில பழையவர்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருக்கலாம். அதையும் சேர்த்தால் தொகை சற்று உயரும். ஆனால் கதை மாறாது.)

இந்த இடத்தில்தான் பலர், “இனிமேல் இந்த வேலையே வேண்டாம்” என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. ஆதரவு கொடுப்பதன் பலன் முதல் பில்லில் இல்லை; அது இரண்டாவது, மூன்றாவது பில்லில் இருக்கிறது. நம் கடைக்காரர் புதியவர்கள் முப்பது பேருக்கும் ஒரு நீல நிற முத்திரை அட்டை கொடுத்திருந்தார். பத்து முத்திரை சேர்ந்தால் ஒரு பெட்டி லட்டு. மற்ற வாடிக்கையாளர்களுக்கு வெள்ளை அட்டை. நீல அட்டை வரும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நீல அட்டைக் குடும்பங்களில் 12 குடும்பங்கள் மாதம் இரண்டு முறை வருகின்றன. ஒரு வருகைக்கு மிஞ்சுவது 10 ரிங்கிட். இப்போது கழிவு இல்லை. 12 குடும்பங்கள், இரண்டு முறை, 10 ரிங்கிட் என்று பெருக்கினால் மாதத்துக்கு 240. மீட்க வேண்டியது 1,488. ஆறு மாதத்திற்குச் சற்று மேலானால் போட்ட பணம் திரும்பிவிடும். அதன் பிறகு வருவது உண்மையான ஆதாயம். மாறாக, 5 குடும்பங்கள் மட்டுமே நிலைத்திருந்தால் மாதம் 100 ரிங்கிட்தான். பணம் திரும்ப ஏறத்தாழ 15 மாதம் ஆகும். அதற்குள் அடுத்த ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு மறுபடியும் கோப்புடன் ஆள் வந்துவிடுவார். எத்தனை கூப்பன் வந்தது, எத்தனை பேர் முகநூலில் விருப்பம் தெரிவித்தார்கள் என்பவையெல்லாம் பின்னுக்குப் போய்விடும். எத்தனை நீல அட்டைகள் உயிரோடு இருக்கின்றன என்ற ஒற்றை எண்தான் முடிவைச் சொல்கிறது.

கூப்பனில் சிக்காத பலனும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவர் திடலில் லட்டைச் சுவைத்துவிட்டு, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்நூறு பேருக்குப் பலகாரம் சொல்லி அனுப்பினால், அந்த ஒரே ஆர்டர் முழுக் கணக்கையும் தலைகீழாக்கிவிடும். அதனால் பெரிய ஆர்டர் கொடுப்பவரிடம் மட்டுமாவது, “எப்படிக் கேள்விப்பட்டீங்க?” என்று தவறாமல் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பள்ளியின் புலனக் குழுவில் யாராவது கடையைப் பரிந்துரைத்தார்களா என்பதும் இப்படித்தான் தெரியவரும்.

கணக்கை ஏமாற்றும் இன்னொன்று பண்டிகைக் காலம். விளையாட்டுப் போட்டிக்குப் பின் சில வாரங்களில் தீபாவளி வந்தால், விற்பனை எப்படியும் ஏறும். அந்த ஏற்றத்தை ஆதரவின் பலன் என்று எண்ணிவிடலாம். “சென்ற ஆண்டு இதே அக்டோபரோடு ஒப்பிட்டேன்” என்று சொன்னாலும் சரியாகாது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. நாள்காட்டி மாதத்தை வைத்து ஒப்பிட்டால், பண்டிகைக்கு முந்திய பரபரப்பான வாரமும் பண்டிகை முடிந்த வெறிச்சோடிய வாரமும் ஒன்றுக்கொன்று எதிரே வந்து நிற்கும். தீபாவளிக்கு ஆறு வாரம் முன், ஐந்து வாரம் முன் என்று எண்ணி, சென்ற ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே முறை. கூப்பன், அட்டை போன்ற அடையாளங்கள் தேவைப்படுவதும் இதனால்தான். மொத்த விற்பனை மட்டும் எந்தக் காரணத்தால் ஏறியது என்று வாய் திறந்து சொல்லாது.

இதுவரை கடைக்காரரின் பக்கம். பள்ளியின் பக்கத்திலும் குறை இருக்கிறது; அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆதரவு கோரும் கடிதங்கள் பலவற்றில் ‘தங்களின் தாராள மனம்’ இருக்கும். திடலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது இருக்காது. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடிதம் போகும். பலகாரக் கடைக்கு மேசை போட இடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு பலகாரக் கடைக்கும் இடம் கொடுப்பார்கள். நிகழ்ச்சி முடிந்தபின் நன்றி சொல்லவும் மறந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு கடைக்காரரின் முகத்தில் சிரிப்புக் குறைந்திருந்தால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

நீங்கள் சார்ந்த கழகத்தின் சார்பில் இத்தகைய கடிதம் எழுத நேர்ந்தால், அரைப்பக்கத்தில் சில செய்திகளைத் தெளிவாக எழுதுங்கள். நிகழ்ச்சியின் நாள், எதிர்பார்க்கும் குடும்பங்களின் எண்ணிக்கை, அவர்கள் பெரும்பாலும் எந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள், கடைக்குக் கிடைக்கப்போவது மேசையா பதாகையா, அதே தொழிலில் வேறு யாரும் இருப்பார்களா, மழை பெய்து நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன ஏற்பாடு. இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். பள்ளிக்கு வெளியே சாலையோரத்தில் பதாகை கட்டுவதாக இருந்தால் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதால், அந்த அவகாசம் அதற்கும் உதவும். நிகழ்ச்சி முடிந்த வாரமே, உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையோடு இரண்டு மூன்று படங்களையும் அனுப்புங்கள். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தாலும் மறைக்காதீர்கள். 400 என்று சொல்லி 250 வந்ததை ஒப்புக்கொள்ளும் குழுவுக்குத்தான் அடுத்த முறை கடைக்காரர் காது கொடுப்பார்.

எல்லாவற்றையும் இப்படி அளக்க வேண்டுமா என்றால், வேண்டாம். தைப்பூசத்தின்போது துன் எச்.எஸ்.லீ சாலை மகா மாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் பத்துமலையை அடையும் வரை, வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். பல பந்தல்களில் நிறுவனங்களின் பெயர்கள் தொங்குகின்றன. மோரையும் பானகத்தையும் வாங்கிக் குடித்துவிட்டு நடக்கும் பக்தர், எந்தப் பந்தலில் குடித்தோம் என்று அடுத்த பந்தல் வருவதற்குள் மறந்திருப்பார். விளம்பரமாகப் பார்த்தால் மிக மோசமான முதலீடு அது. ஆனால், வெயிலிலும் இரவிலும் வெறுங்காலுடன் நடப்பவருக்கு ஒரு குவளை மோர் கொடுப்பதை விளம்பரமாகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே கூப்பன் நீட்டும் கடையைப் பற்றி மக்கள் என்ன நினைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் பலகாரக் கடைக்காரர் இரண்டு நோட்டுகள் வைத்திருந்தால் நல்லது. பந்தலுக்குக் கொடுத்ததை ஒன்றில் எழுதி, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்போடு மூடிவிடலாம். விளையாட்டுப் போட்டிக்குக் கொடுத்ததை மற்றொன்றில் எழுதி, மாதக் கடைசியில் நீல அட்டைகளை எண்ண வேண்டும். எட்டாவது மாதத்தில் எண்ணிக்கை பத்துக்குக் குறையாமல் இருந்தால், அடுத்த ஆண்டும் அதே பள்ளிக்கு அதே மேசையைப் போடலாம். ஐந்துக்கும் கீழே போயிருந்தால், 1,000 ரிங்கிட் ஆதரவுத் தொகையைக் குறைக்கும்படி ஏற்பாட்டுக் குழுவிடம் பேசலாம். அல்லது வேறொரு பள்ளியைத் தேடலாம்.